மரத்தின் உயரமும் மண்ணின் மட்டமும்

பனை மரமொன்றின் உயரத்தை அதன்மீது ஏறாமலே கணித்தறிவது எவ்வாறு என்னும் கணக்கு, எமது வகுப்பறைகளிலே தலைமுறை தலைமுறையாகச் செய்விக்கப்பட்டு வருவதொன்றாகும். வெயிலில் ஒரு கோலை நாட்டி, கோலின் நிழலையும் பனையின் நிழலையும் அளந்து விகிதசமத்தால் விடை காண்பது ஒரு வழி. பனையினின்றும் குறித்த தூரம் விலகி நின்று, அதன் நுனியின் ஏற்றக்கோணத்தை அளந்து, தான்சன் அட்டவணையைப் பார்த்துப் பெருக்குவது மற்றொரு வழி. அண்மையில் இக்கணக்கை நாம் கரும்பலகையில் எழுதி முடித்த வேளை, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, பனை தனித்து நிற்கும் மரம். அதன் அடியும் தெரிகிறது, நுனியும் தெரிகிறது. அடர்ந்த காட்டின் நடுவே நிற்கின்ற மரத்தை எப்படி அளப்பது?” என்று கேட்டான்.

கேள்வி மிக நல்ல கேள்வி. மழைக்காட்டிலே மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கீழ்க்கிளைகளே கண்ணை மறைத்துவிடும். நுனியைக் காணவேண்டுமென்று விலகிச் சென்றாலோ, இடையில் நிற்கும் மரங்கள் அடியை மறைத்துவிடும். நிழலும் நிழலோடு கலந்துவிடும். மேலும், பெருமரங்களின் தலை பனையின் தலைபோன்றதன்று. அது நாற்பது மீற்றர் வரையும் அகன்று குடைபோல் விரிந்திருக்கும். கீழே நிற்பவர், தமக்கு அண்மையிலுள்ள குடையின் ஓரத்தையே உச்சியென்று மயங்கிக் கோணத்தை எடுத்து, மரத்தை உள்ளதிலும் உயர்ந்ததாகக் கணித்துவிடுவர். ஆகவேதான் காட்டு மரங்களை மேலிருந்து அளக்கும் முறை வேண்டியதாயிற்று. அம்முறைக்கு லைடார் என்று பெயர். அதனைப்பற்றியும், அது எங்கே நம்மை ஏமாற்றக்கூடும் என்பதைப்பற்றியும் இவ்வாரம் கூறுவாம்.

லைடார் என்பது ஒளியால் தூரம் அளக்கும் கருவி. விமானத்திலே பொருத்தப்பட்ட இக்கருவி, கீழ்நோக்கிக் கண்ணிமைக்கும் நேரத்திற் பல ஆயிரம் லேசர் ஒளித்துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் கீழே ஏதேனுமொரு பொருளிற் பட்டுத் திரும்பி வருகின்றது. சென்று மீண்ட நேரத்தைக் கருவி குறித்துக்கொள்கிறது. ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 30 கோடி மீற்றர் என்பதை நாமறிவோம். நேரத்தை வேகத்தாற் பெருக்கி, போக்கும் வரவும் இரண்டு பயணமாதலின் இரண்டால் வகுத்தால், தூரம் கிடைத்துவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு துடிப்பு, ஒரு மரத்தின் உச்சி இலையிலே பட்டு, செக்கனின் பத்து லட்சத்திலொரு பங்கை அலகாகக் கொண்டு 4.0 அலகு நேரத்தில் மீண்டதெனக் கொள்வோம். தூரம் 600 மீற்றர். அதே துடிப்பின் ஒரு பகுதி இலைகளின் இடைவெளியால் நுழைந்து சென்று, நிலத்தைத் தொட்டு 4.6 அலகு நேரத்தில் மீண்டதாயின், அத்தூரம் 690 மீற்றர். விமானம் நேர் மேலே நின்றதெனின் இரண்டுக்குமுள்ள வித்தியாசமாகிய 90 மீற்றரே மரத்தின் உயரம். இத்துணைதான் கணக்கு. விமானம் எவ்விடத்தில், எவ்வுயரத்தில், எப்பக்கம் சாய்ந்து பறந்தது என்பதைச் செயற்கைக்கோள்களின் துணைகொண்டும், விமானத்தின் அசைவை அறியும் கருவியைக்கொண்டும் கணத்துக்குக் கணம் பதிவு செய்வர். அதனால் ஒளிபட்ட ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரத்தையும் அறிய முடிகின்றது.

இத்துணை எளிதாயின், ஒவ்வொரு துடிப்பிலும் முதற் பதிலையும் கடைசிப் பதிலையும் கழித்துவிடலாமே என்று மாணவர் எண்ணக்கூடும். ஆனாற் காடு அதற்கு இடந்தருவதில்லை. உச்சி இலையிற் பட்ட துடிப்பு பெரும்பாலும் நிலம்வரை செல்வதில்லை. வழியிலுள்ள கிளைகளும் இலைகளும் அதன் ஒளியை விழுங்கிவிடும். நிலத்தைத் தொட்டு மீள்பவை மிகச் சில. அவையும் எங்கோ ஓர் இடைவெளியாற் புகுந்து, பல மீற்றர் தள்ளியுள்ள வேறோர் இடத்தில் மண்ணைத் தொட்டவையாயிருக்கும். உச்சியை அறிந்த துடிப்பு ஒன்று, மண்ணை அறிந்த துடிப்பு வேறொன்று. இவ்விரண்டையும் எவ்வாறு சேர்ப்பது?

இதற்காகவே இரண்டு பரப்புகளை வெவ்வேறாக அமைக்கின்றனர். காட்டின்மேல் ஒரு பெரிய கம்பளத்தை விரித்தாற்போல, இலைகளின் உச்சிகளையெல்லாம் தொட்டுச் செல்வது ஒரு பரப்பு. இது மேற்பரப்பு மாதிரி. மரங்களையெல்லாம் அகற்றிவிட்டால் வெறும் நிலம் எவ்வாறிருக்குமோ அவ்வாறு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த மண்புள்ளிகளை இணைத்து அமைப்பது மற்றொரு பரப்பு. இது தரை மாதிரி. இரண்டையும் ஒரே அளவான சிறு சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்குச் சதுரம் மேலதிலிருந்து கீழதைக் கழித்தால் வருவது மர விதானத்தின் உயரம். கணினித் திரையிலே இதனை இவ்வாறு எழுதுவர்:

CHM = DSM − DTM

முதலெழுத்துக்களைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. DSM மேற்பரப்பு, DTM தரை, CHM விதான உயரம். ஐந்து மீற்றருக்கு ஒன்றாக ஒரு வரிசையில் ஐந்து சதுரங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் மேற்பரப்பு, கடல்மட்டத்துக்கு மேல் 384, 402, 410, 401, 379 மீற்றர். அதே சதுரங்களில் தரை 322, 321, 320, 319, 318 மீற்றர். கழித்தால் 62, 81, 90, 82, 61 என வரும். நிலம் ஒரு பக்கமாகச் சரிந்து செல்வதையும், சரிவின்மேல் ஒரு மரம் தன் குடையை விரித்து நிற்பதையும், நடுச்சதுரத்தில் அதன் உச்சி 90 மீற்றராக எழுவதையும் இவ்வெண்களிலேயே காணலாம்.

எண்களைக் கழிப்பதில் யாரும் தவறுவதில்லை. தவறு, கழிக்கப்படும் எண்ணிலேதான் ஒளிந்திருக்கின்றது. அதிலும் மேலெண்ணைக் காட்டிலும் கீழெண்ணையே நாம் கூர்ந்து நோக்கவேண்டும். மேற்பரப்பிலே வரும் பிழை பெரும்பாலும் சிறிது. ஒரே பக்கம் சாய்வது. துடிப்புகள் மரத்தின் மிக உயர்ந்த கொழுந்தைத் தப்பி, சற்றுக் கீழேயுள்ள இலையிற் படுவதால் மரம் சிறிது குட்டையாகத் தோன்றும், அவ்வளவே. தரையின் கதை அப்படியன்று. தரை பிழைத்தால் மரம் பல மீற்றர் குறையவும் கூடும், பல மீற்றர் வளரவும் கூடும்.

மண்புள்ளி எது, புதர்ப்புள்ளி எது என்பதைக் கருவி சொல்லாது. கருவிக்கு எல்லாம் புள்ளியே. கோடிக்கணக்கான புள்ளிகளுள் மண்ணைத் தெரிந்தெடுக்கும் வேலையைக் கணினி செய்கின்றது. அதற்குப் பல முறைகள் உண்டு. அவற்றுள் 2016ஆம் ஆண்டிலே சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முறையை வீட்டிலுள்ளோரும் எளிதில் மனத்திற் கொள்ளலாம். புள்ளிகளாலான காடு முழுவதையும் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது நிலம் மேலே. மரங்கள் விழுதுகள்போற் கீழே தொங்குகின்றன. மேலேயிருந்து ஒரு துணியை விரித்து மெல்ல விழவிட்டால், அது கவிழ்ந்த நிலத்தின்மேற் படிந்துகொள்ளும். துணி தொட்ட புள்ளிகளே மண். மற்றவை மரமும் புதரும். பின்னர் எல்லாவற்றையும் மீண்டும் நிமிர்த்திவிடலாம்.

துணி எத்தகையது என்பதிலேதான் சிக்கல். அது மெல்லிய வேட்டிபோன்று குழைவானதாயின், மண்புள்ளி கிடைக்காத இடைவெளிகளிலே தொய்ந்து இறங்கி, அங்கே தொங்கும் புதர்களின் இலைகளையும் மண்ணெனத் தொட்டுவிடும். நிமிர்த்திப் பார்த்தால் அவ்விடத்தில் தரை மேலெழுந்து நிற்கும். எமது உதாரணத்தின் நடுச்சதுரத்திலே, ஏழு மீற்றர் உயரமுள்ள ஒரு சிறுமரத்தின் தலையைத் தரையென்று கொண்டுவிட்டால், 320 என்பது 327 ஆகும். 90 மீற்றர் மரம் 83 மீற்றராகக் குன்றிவிடும்.

இனி, துணி தடித்த படங்குபோன்று விறைப்பானதென்று வைத்துக்கொள்வோம். அது புதர்களிற் தொய்யாது, நன்று. ஆனாற் கூரிய மலைமுகடு ஒன்று அங்கே இருந்தால், கவிழ்த்த நிலையில் அது ஆழமான பள்ளமாகிவிடும் அன்றோ? விறைத்த துணி அப்பள்ளத்தின் அடிவரை இறங்காது. மேலேயே பாலம்போல் நின்றுவிடும். நிமிர்த்தும்போது முகடு சீவப்பட்டுவிடும். முகட்டின்மேல் நிற்கும் 60 மீற்றர் மரம், சீவப்பட்ட 15 மீற்றர் பாறையையும் தன் உயரத்தோடு சேர்த்துக்கொண்டு 75 மீற்றர் மரமாகக் காட்சிதரும். ஒரே காட்டிலே, ஒரே விமானப் பயணத்திலே, துணியின் விறைப்பை மாற்றுவதனாலேயே ஒரு மரம் வளர்கின்றது; மற்றொன்று தேய்கின்றது.

மூன்றாவதொரு பிழையும் உண்டு. அது தரை முற்றிலும் சரியாயிருந்தபோதும் நேர்வது. கழித்தல் சதுரத்துக்குச் சதுரம் நடைபெறுகின்றது என்றோம். ஆகவே உச்சியிலிருந்து கழிக்கப்படுவது, உச்சிக்கு நேர்கீழேயுள்ள நிலமே. மரத்தின் அடி நிற்கும் நிலமன்று. சமவெளியில் இரண்டும் ஒன்று. மலைச்சரிவில் அவை வேறு. 95 மீற்றர் மரமொன்று 35 பாகை சரிவிலே நின்று, அதன் உச்சி சரிவின் கீழ்ப்பக்கமாக 6 மீற்றர் சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். 35 பாகையின் தான்சன் 0.70. உச்சிக்கு நேர்கீழேயுள்ள நிலம், அடிமரம் நிற்கும் நிலத்தினும் 4.2 மீற்றர் தாழ்ந்திருக்கும். விடை 99.2 என வரும். உச்சி மேல்பக்கமாகச் சாய்ந்திருந்தால் 90.8 என வரும். பிழை செய்தவர் எவருமில்லை. ஆயினும் விடை பிழை.

இவற்றையெல்லாம் ஏன் இத்துணை விரிவாகக் கூறுகின்றோம் என்பதை உண்மை நிகழ்ச்சியொன்றால் விளக்குவோம்.

போர்னியோத் தீவின் வடபாகம் மலேசியாவின் சபா மாநிலமாகும். அங்கே தானும் பள்ளத்தாக்கு என்னும் இடத்திலே 438 சதுர கிலோமீற்றர் பரப்பில் ஒரு பழங்காடு பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அக்காட்டின் பெருமரங்கள், எமது சிங்கராசக் காட்டிலே சிங்கள மக்கள் ஹொர என்று வழங்கும் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெப்பமண்டலத்தின் மிக உயர்ந்த மரம் எது என்னும் தேடல் அங்கே விமான லைடாரின் துணையோடு நடைபெற்று வந்தது. 2016இல் 94.1 மீற்றர் மரமொன்று அங்கே இருப்பதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் 2018இல், இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லைடார்த் தரவிலே அதனினும் உயர்ந்த மரமொன்றைக் கண்டனர். அது மஞ்சள் மெரன்டி இனத்தைச் சேர்ந்தது. மலைச்சரிவொன்றிலே நிற்பது.

இவ்விடத்தில் ஒரு கணம் நின்று சிந்திப்போம். 438 சதுர கிலோமீற்றரையும் ஒரு மீற்றர்ச் சதுரங்களாகப் பிரித்தால், 43 கோடியே 80 லட்சம் விடைகள் கிடைக்கும். அவற்றுள் லட்சத்துக்கு ஒன்றே பெரும்பிழையுடையது என்று கொண்டாலும், பிழையான விடைகள் 4,380 இருக்கும். உண்மையில் 90 மீற்றரைத் தாண்டும் மரங்களோ மிகச் சில. ஆகவே எல்லா விடைகளையும் உயரத்தின்படி வரிசைப்படுத்தி, முதலிடத்திலிருப்பதை எடுத்து, இதுவே உலகின் பெருமரம் என்று பறைசாற்றுபவர் பெரும்பாலும் ஏமாந்தே போவார். சராசரி காண்பவனுக்குப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்துவிடும். உச்சம் தேடுபவனுக்கோ, மேல்நோக்கிய பிழைகளெல்லாம் தாமே வந்து வரிசையின் தலையில் அமர்ந்துகொள்ளும். சீவப்பட்ட முகட்டின்மேல் நிற்கும் மரம் அங்கே இருக்கும். சரிவிலே சாய்ந்து நிற்கும் மரம் அங்கே இருக்கும். விமானத்துக்கும் காட்டுக்குமிடையே பறந்துசென்ற ஒரு கழுகின் முதுகிற் பட்ட ஒளிகூட, இருநூறு மீற்றர் மரமாக அங்கே அமர்ந்திருக்கும்.

ஆதலின் அவ்வரிசையிலே வரும் ஒவ்வொரு மரத்தையும் முதலிற் திரையிலே சோதிக்கவேண்டும். மாதிரிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, மூலப் புள்ளிகளுக்குத் திரும்பி, கத்தியால் வெட்டினாற்போல மரத்தினூடே ஒரு குறுக்குவெட்டை எடுத்துப் பார்ப்பர். உச்சிப் புள்ளி தனித்து வானிலே மிதக்கின்றதாயின் அது பறவை. உச்சிக்குக் கீழே கிளைகளின் புள்ளிகள் தொடர்ச்சியாக அமைந்திருப்பின் அது மரம். அடுத்து, மரத்தின் அடியைச் சூழ உண்மையான மண்புள்ளிகள் உள்ளனவா என்று நோக்குவர். அங்கே புள்ளியே இல்லாமல், நெடுந்தொலைவிலுள்ள இரண்டு புள்ளிகளை இணைத்துக் கணினி கோடு கிழித்திருந்தால், அக்கோடு தரையன்று, தரையைப்பற்றிய ஊகமே.

தரை மாதிரியை மட்டும் தனியே எடுத்து, ஒரு பக்கத்திலிருந்து வெயில் படுவதுபோல நிழல்தீட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. உண்மை நிலத்திலே ஓடைகளும் மடிப்புகளும் இயல்பாகத் தெரியும். தட்டையான பெரிய முக்கோணங்கள் தெரிந்தால், அங்கே மண்புள்ளிகள் அருகிப்போயின என்று பொருள். மேலேயுள்ள மரக்குடையின் வடிவத்திலேயே கீழேயும் ஒரு மேடு தெரிந்தால், துணி தொய்ந்துவிட்டது என்று பொருள். மண் ஒருபோதும் தன் தலைமேலுள்ள மரத்தைப் பார்த்து அதுபோல் வடிவெடுப்பதில்லை. அன்றியும் வீதி, விளையாட்டுத்திடல் போன்ற வெறுநிலங்களில் விதான உயரம் பூச்சியமாக வரவேண்டும். அங்கே மூன்று மீற்றர் வருமாயின், பக்கத்துக் காட்டிலும் அம்மூன்று மீற்றர் மறைந்திருக்கும் என்று ஐயுறவேண்டும்.

திரைச் சோதனையிலே தேறிய பின்னரும், போர்னியோ மரத்தை ஆய்வாளர் விட்டுவிடவில்லை. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் நிலத்திலே நிறுவும் லைடாரை மரத்தைச் சுற்றிலும் வைத்து, அடியையும் கிளைகளையும் கீழிருந்து அளந்தனர். ஆளில்லாச் சிறு விமானமும் மேலே பறக்கவிடப்பட்டது. இறுதியாக 2019 சனவரி மாதத்திலே, உண்டிங் ஜமி என்னும் உள்ளூர் மரமேறி கயிற்றின் துணையோடு உச்சிவரை ஏறி, அங்கிருந்து அளவுநாடாவைக் கீழே இறக்கினார். விடை 100.8 மீற்றர். அம்மரத்துக்கு, மலாய் மொழியிலே கோபுரம் என்று பொருள்படும் மெனாரா என்னும் பெயரை இட்டனர்.

சரிவிலே நிற்கும் மரமாயிற்றே, சாய்வுப் பிழை அங்கே இல்லையா என்று மாணவர் கேட்கவேண்டும். நிலத்து லைடாரின் அளவுகள் இதற்கு விடை தருகின்றன. வேர் நீங்கலாக அம்மரத்தின் நிறை 81,500 கிலோகிராம் எனக் கணித்தனர். அதில் நூற்றுக்கு 95 பங்கு அடிமரத்திலும், 5 பங்கே 40 மீற்றர் அகன்ற குடையிலும் உள்ளது. முழு மரத்தின் புவியீர்ப்பு மையம், நடு அச்சினின்றும் 0.6 மீற்றர் மாத்திரமே விலகியிருந்தது. அஃதாவது சரிவிலே நின்றும் அது ஏறத்தாழச் செங்குத்தாக வளர்ந்த மரம். சாய்ந்த மரமாயிருப்பின், வானிலிருந்து கண்ட உயரத்துக்கும் நாடா காட்டும் உயரத்துக்கும் பல மீற்றர் வேறுபாடு வந்திருக்கும்.

நாடாவாலும் தீராத ஒரு கேள்வியையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். சரிவிலே நிற்கும் மரத்துக்கு அடி எது? பெருமரங்களின் அடியிலே பலகைபோன்ற முட்டுவேர்கள் நாற்புறமும் விரிந்திருக்கும். அவை மேலும் கீழுமாக நான்கு மீற்றர் பரந்திருந்து, நிலம் 30 பாகை சரிந்திருந்தால், மேற்பக்கத்து மண்ணுக்கும் கீழ்ப்பக்கத்து மண்ணுக்கும் 2.3 மீற்றர் வித்தியாசம் உண்டு. இரண்டில் எதிலிருந்து அளப்பது என்பதை அளப்பதற்கு முன்னரே முடிவு செய்து, விடையோடு அதனையும் எழுதிவைத்தல் வேண்டும். இல்லையேல் இரண்டு நாட்டார் இரண்டு மரங்களை ஒப்பிடும்போது, மரங்களையன்றி மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையுமே ஒப்பிட்டவராவர்.

மட்டத்தைப்பற்றிய இன்னுமொரு பிழை, எமது நாட்டுக்கே சிறப்பாக உரியது. செயற்கைக்கோள் வழியாகக் கிடைக்கும் உயரம், பூமியை ஒழுங்கான நீள்கோள வடிவமெனக் கொண்டு, அதன் பரப்பிலிருந்து அளக்கப்படுவது. நில அளவையாளர் வரைபடங்களிற் காணும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. இரண்டும் ஒன்றென்று எண்ணலாகாது. பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே தன்மையாயில்லாதபடியால், கடல்மட்டம் ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்திற் பள்ளமாகவும் உள்ளது. உலகிலேயே மிக ஆழமான பள்ளம், இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்து சமுத்திரத்தில், அந்நீள்கோளப் பரப்பினின்றும் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கின்றது. இலங்கையைச் சூழவும் இத்தாழ்வு ஏறத்தாழ நூறு மீற்றர். ஆகவே இங்கே எவரேனும் மேற்பரப்பைச் செயற்கைக்கோள் உயரத்திலும், தரையைப் பழைய வரைபடத்தின் கடல்மட்ட உயரத்திலும் எடுத்துக் கழித்தால், 20 மீற்றர்த் தென்னையின் உச்சி நிலத்துக்குக் கீழே 80 மீற்றர் ஆழத்தில் இருப்பதாக விடை வரும்! இதனைக் கண்டு நகைக்கலாம். எனினும் நகைக்கக்கூடிய பிழை நல்ல பிழை. அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகின்றது. அஞ்சவேண்டியது ஒரு மீற்றர்ப் பிழையையே.

ஒரு மீற்றர் என்ன பெரிது என்று கேட்கலாம். காட்டிலே மரம் எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு அழிந்தது, அதனால் எவ்வளவு கரி மரத்திலே தங்கியுள்ளது என்பவற்றை இன்று இவ்விதான உயரத்தைக்கொண்டே கணிக்கின்றனர். ஒரு காட்டின் மேலே ஐந்து ஆண்டு இடைவெளியில் இருமுறை பறந்ததாகக் கொள்வோம். முதன்முறை துடிப்புகள் குறைவு, மண்புள்ளிகளும் குறைவு, தரை ஒரு மீற்றர் மேலெழுந்து நின்றது. இரண்டாம் முறை சிறந்த கருவி; தரை தன் உண்மை மட்டத்துக்கு இறங்கிற்று. முதலில் 40 மீற்றர், பின்னர் 41 மீற்றர். காடு முழுவதும் ஐந்து ஆண்டில் ஒரு மீற்றர் வளர்ந்துவிட்டது என்று அறிக்கை எழுதப்படும். அக்காட்டைக் காத்தோம் என்று கூறிப் பணம் பெறுவோரும் இருப்பர். உண்மையில் ஓர் இலைகூட மேலெழவில்லை. மண் கீழிறங்கியது, அதுவும் கணக்கிலே மாத்திரம்.

இதற்கு மருந்து எளிது. இரண்டு பயணங்களிலும் கிடைத்த மண்புள்ளிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒரே தரை மாதிரியை அமைத்து, அவ்வொன்றையே இரண்டு மேற்பரப்புகளிலிருந்தும் கழித்தல் வேண்டும். தரையிலே எஞ்சியிருக்கும் பிழை இரண்டு விடைகளுக்கும் பொதுவாகிவிடும். வித்தியாசம் காணும்போது அது தானே நீங்கிவிடும். ஐந்து ஆண்டில் மலை மாறுவதில்லை. மாறுவது மரமே என்பதுதான் இதிலுள்ள தத்துவம். மண்சரிவு நேர்ந்த இடங்களை மாத்திரம் விலக்கிக்கொள்ள வேண்டும்.

அம்மாணவனுக்கு நாம் இவற்றையெல்லாம் கூறி முடித்தபோது, அவன் சிறிது நேரம் யோசித்தான். “அப்படியானால் ஐயா, பனையின் கணக்கிலும் இப்பிழை உண்டல்லவா? நாங்கள் நின்ற இடமும் பனையின் அடியும் ஒரே மட்டத்தில் உள்ளனவென்று எப்படித் தெரியும்?” என்றான்.

உண்மைதான். நிழற் கணக்கிலும் கோணக் கணக்கிலும், நிலம் சமமானதெனக் கொள்க என்னும் ஒரு வரியைப் பாடப்புத்தகத்தார் சேர்த்துவிடுகின்றனர். நாமும் அதனை வாசித்துக் கடந்துவிடுகின்றோம். மறுநாள் ஒரு நீர்மட்டக் குழாயை எடுத்துக்கொண்டு, அவனையும் அவன் தோழர்களையும் பாடசாலை வளவிலுள்ள பனையடிக்கு அழைத்துச் சென்றோம். நாம் ஆண்டுதோறும் நின்று கோணமளக்கும் இடத்துக்கும் பனையின் அடிக்கும் 40 சென்ரிமீற்றர் மட்ட வேறுபாடு இருந்தது. இத்தனை ஆண்டுகளாக நாம் கரும்பலகையில் எழுதிவந்த அப்பனையின் உயரத்தை, அன்று மாணவர் முன்னிலையிலே திருத்தி எழுதினோம்.